இல்லாத கம்பெனியில் இருந்த ஆறு வருஷம்

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, மடியில் இருந்த எலுமிச்சம்பழத்தை சுவாமி படத்தின் முன்னால் வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்பை உதறிவிட்டு என் ஓரகத்தி கலா உள்ளே வந்தாள். கையில் பைல். முகம் சிவந்து கிடந்தது. வந்தவள் நேரே சமையலறைக்குப் போய், சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, "அக்கா, நான் ஆறு வருஷம் வேலை பார்த்ததே பொய்யாம்!" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கலா வேலை பார்த்தது ஊரறிந்த விஷயம். பிளஸ் டூ முடித்த கையோடு, 2008 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா செல்போன் தொழிற்சாலையில் சேர்ந்தவள். விடியற்காலையில் எழுந்து, அம்மா கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸோடு குமணன்சாவடியில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவள். கல்யாணத்துக்கு வேண்டிய நகையில் பாதி அவள் சம்பளத்தில் வாங்கியது. அப்படிப்பட்டவளைப் பார்த்து, நீ அங்கே வேலையே பார்க்கவில்லை என்று யார் சொன்னது?

கதை இதுதான். பெரியவன் ஐந்தாம் வகுப்பு, சின்னவள் இரண்டாம் வகுப்பு என்று ஆனபிறகு, மறுபடி வேலைக்குப் போகலாம் என்று கலா பக்கத்தில் உள்ள ஒரு கம்பெனிக்கு மனுப் போட்டிருந்தாள். நேரில் கூப்பிட்டுப் பேசினார்கள். பிடித்துப் போயிற்று. ஆனால் விசாரித்துவிட்டுத்தான் எடுப்பார்களாம். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு, "நோக்கியாவில் கேட்டோம். உங்கள் பெயரில் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. வேண்டுமானால் புதிதாகச் சேருகிறவர் சம்பளத்தில் சேர்ந்துகொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அனுபவம் உள்ளவர்களுக்குத் தருவதைவிட மாசம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் குறைவு. பணம் போனதைவிட, பொய் சொன்னவள் மாதிரி பார்த்தார்களே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவளுடைய பயோடேட்டாவை வாங்கிப் பார்த்தேன். வேலை அனுபவம் என்ற இடத்தில் ஒரே வரி: "நோக்கியா, சென்னை. 6 வருடம்."

மூன்று பேர், மூன்று யோசனை

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் ஒரு மாநாடே நடந்தது. என் கொழுந்தனார், "நோக்கியாவைத்தான் மைக்ரோசாஃப்ட் வாங்கிட்டானே. 'நோக்கியா, இப்போது மைக்ரோசாஃப்ட்'னு போடு. பெரிய பேரு, மதிப்பா இருக்கும்" என்றார். அவருடைய நண்பர் ஒருவர், "அந்தக் கட்டடத்துல இப்ப சால்காம்ப்னு சார்ஜர் பண்ற கம்பெனி இருக்கு. அந்தப் பேரைப் போட்டாத்தான் அட்ரஸ் ஒத்து வரும்" என்றார். எதிர்வீட்டு அம்மாள் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பயங்கரம். "மூடின கம்பெனிதானே! யாரு போய்க் கேக்கப் போறா? 2018 வரைக்கும் வேலை பார்த்தேன்னு எழுதிடு. பத்து வருஷ அனுபவமாயிடும்!"

இந்த மூன்றும் தப்பு என்று எங்களுக்கு எடுத்துச் சொன்னவர் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பெரியவர். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் டைம் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் எடுப்பது, கார்டு போடுவது, பி.எஃப். பாரம் நிரப்புவது எல்லாம் அவர் கைவழியாகப் போனவை. தெருவில் எல்லோருக்கும் அவர் 'டைம் ஆபீஸ் மாமா'தான். மறுநாள் காலை கலாவை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஒற்றை வரியைப் படித்தார். "ஏம்மா, இதைப் பார்த்தா விசாரிக்கிறவன் எங்கே போய் விசாரிப்பான்? ஒரகடத்துல நோக்கியான்னு ஒண்ணு இன்னிக்கும் ஓடிக்கிட்டிருக்கே, அங்கேதானே கேட்பான்?" என்றார்.

கலா விழித்தாள். உண்மைதான். ஒரகடத்தில் இருப்பது செல்போன் கோபுரங்களுக்கான கருவிகள் செய்யும் தொழிற்சாலை. நோக்கியாவும் சீமென்ஸும் சேர்ந்து நடத்திய வேறொரு நிறுவனத்தின் வழி வந்தது அது. கலா இருந்ததோ ஸ்ரீபெரும்புதூரில், கையில் வைத்துப் பேசும் போன் செய்த இடம். பெயர் ஒன்று, இடம் வேறு, கம்பெனியும் வேறு. வண்ணாரப்பேட்டை லட்சுமியைத் தேடிக்கொண்டு வளசரவாக்கம் லட்சுமி வீட்டில் போய்க் கேட்டால், "அப்படி யாரும் இல்லை" என்றுதானே சொல்வார்கள்? அவர்கள்மேல் என்ன குற்றம்? கலா எழுதிய வரிதான் ஆளை வழி தவற வைத்திருக்கிறது.

அந்தத் தொழிற்சாலைக்கு என்ன நடந்தது?

வரியைச் சரியாக எழுத வேண்டுமானால் முதலில் நடந்ததைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார் மாமா. தெரிந்ததை ஒரு காகிதத்தில் வருஷவாரியாக எழுதினோம்.

ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 2013 செப்டம்பரில், நோக்கியா தன் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்கப்போவதாக அறிவிப்பு வந்தது. 2014 ஏப்ரல் 25-ல் அந்த விற்பனை முடிந்தது. ஆனால் நம் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைமேல் வருமான வரி வழக்கு இருந்தது. அதனால் அந்த இடத்தைக் கைமாற்ற முடியவில்லை. உலகமெங்கும் உள்ள செல்போன் தொழில் மைக்ரோசாஃப்டுக்குப் போக, இந்தத் தொழிற்சாலை மட்டும் நோக்கியாவிடமே தங்கிவிட்டது. கொஞ்ச காலம் மைக்ரோசாஃப்டுக்காகப் போன் செய்து கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டம், அதாவது வி.ஆர்.எஸ்., அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் அதில் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தார்கள். 2014 மே மாசம் வெளியே வந்த கலாவும் அவர்களில் ஒருத்தி. பிறகு 2014 நவம்பர் 1-ந் தேதியோடு அங்கே உற்பத்தியே நின்றுபோனது.

அப்புறம் அந்த இடம் ஐந்து வருஷம் பூட்டிக் கிடந்தது. 2019-ல், சார்ஜர் செய்யும் சால்காம்ப் நிறுவனம் அதை எடுத்துக்கொள்வதாக அறிவிப்பு வந்தது.

எழுதி முடித்ததும் மாமா பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டினார். "இப்பப் பாருங்க. 'இப்போது மைக்ரோசாஃப்ட்'னு எழுதலாமா? கூடாது. இந்தத் தொழிற்சாலை மைக்ரோசாஃப்டுக்குப் போகவே இல்லை. 'இப்போது சால்காம்ப்'னு எழுதலாமா? அதுவும் கூடாது. அவங்க எடுத்துக்கிட்டது தொழிற்சாலை இருந்த இடத்தை. கலாவுக்குச் சம்பளம் கொடுத்த கம்பெனியை இல்லை. ஒரு வீட்டை நாம வாங்கினா, பழைய வீட்டுக்காரர் பிள்ளைக்கு நாமா பிறப்புச் சான்று கொடுப்போம்?"

எனக்கு அப்போதுதான் விஷயம் பளிச்சென்று விளங்கியது. இடம் கைமாறுவது வேறு, கம்பெனி கைமாறுவது வேறு. அடைப்புக்குறிக்குள் "இப்போது இன்னார்" என்று எழுதினால், "என் பழைய வேலைக்கு இன்று அவர்கள் பதில் சொல்வார்கள்" என்று அர்த்தம். பதில் சொல்லக் கடமை இல்லாதவர் பெயரை எழுதினால், மறுபடியும் "தெரியாது" என்ற பதில்தான் வரும். மறுபடியும் நம் பெண்தான் பொய்க்காரி ஆவாள்.

எதிர்வீட்டு அம்மாள் யோசனையைச் சொன்னபோது மாமா சிரித்தே விட்டார். "2014 நவம்பர்ல உற்பத்தி நின்ன இடத்துல 2018 வரைக்கும் என்ன பண்ணிக்கிட்டிருந்தே, பூட்டுக்குக் காவலான்னு கேட்பான்! மூடின கம்பெனின்னா யாருக்கும் தெரியாதுன்னு நினைக்கிறதே தப்பு. பேப்பர்ல வந்த விஷயம். பி.எஃப்.ல கடைசிப் பணம் எந்த மாசம் கட்டினாங்கன்னு எழுத்துல இருக்கும்."

மேஜைக்கு அந்தப் பக்கம் உள்ளவர் கேட்கும் நாலு கேள்வி

"மனுவைப் படிக்கிறவன் மனசுல நாலு கேள்விதான் இருக்கும்" என்றார் மாமா. "இப்படி ஒரு கம்பெனி இருந்ததா? இந்தப் பெண் அங்கே இருந்தாளா? ஏன் வெளியே வந்தாள்? இப்ப நான் எதைப் பார்த்து நம்புறது? இந்த நாலுக்கும் அந்த வரியிலேயே பதில் இருந்தா அவன் போனையே எடுக்க மாட்டான்."

முதல் கேள்விக்குப் பதில், அன்றைக்கு இருந்த முழுப்பெயர். இன்று எப்படி அழைக்கிறார்கள் என்பது இல்லை. வேலை பார்த்த காலத்தில் நம் காகிதங்களில் என்ன பெயர் அச்சாகி இருந்ததோ, அது. கலாவின் நியமன உத்தரவில் "நோக்கியா இந்தியா பிரைவேட் லிமிடெட்" என்று இருந்தது. ஊர் "சென்னை" இல்லை, "ஸ்ரீபெரும்புதூர்". ஒரே பெயரில் இரண்டு தொழிற்சாலை உள்ள இடத்தில் ஊர்ப்பெயர்தான் விலாசம்.

இரண்டாவதற்குப் பதில், சேர்ந்த மாசமும் விலகிய மாசமும். "6 வருடம்" என்று மொத்தமாக எழுதினால் எந்த ஆறு வருஷம் என்று யாருக்குத் தெரியும்? கலாவுடையது கணக்குப் பார்த்தால் ஐந்து வருஷம் பதினோரு மாசம். மாசத்தை எழுதிவிட்டால் ஆறு என்று இழுக்கவும் தேவையில்லை.

மூன்றாவதில்தான் கலா ஒரு தப்புப் பண்ணியிருந்தாள். நேரில் கேட்டபோது, "கம்பெனி மூடிட்டாங்க சார், அதான் வந்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள். கேட்க இயல்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் வந்தது மே மாசம், உற்பத்தி நின்றது நவம்பர். விவரம் தெரிந்தவர் யாராவது எதிரில் இருந்தால், "ஆறு மாசம் முன்னாடியே ஏன் வந்தே? அனுப்பிட்டாங்களா?" என்று சந்தேகப்படுவார். வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வந்தேன் என்பதே உண்மை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதை அப்படியே எழுத வேண்டும்.

நாலாவது கேள்விக்குப் பதில், கைவசம் உள்ள காகிதங்களின் பெயர். எல்லாம் சேர்ந்து கலாவின் வரி இப்படி ஆயிற்று:

"நோக்கியா இந்தியா பிரைவேட் லிமிடெட், செல்போன் தொழிற்சாலை, ஸ்ரீபெரும்புதூர் (இத்தொழிற்சாலையில் 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நிறுத்தப்பட்டது). ஆபரேட்டர். ஜூன் 2008 முதல் மே 2014 வரை. விலகிய காரணம்: நிறுவனம் அறிவித்த விருப்ப ஓய்வுத் திட்டம். நியமன உத்தரவு, விலகல் கடிதம், சம்பளச் சீட்டுகள் கைவசம் உள்ளன."

நாலைந்து வரிதான். "மூடிவிட்டார்கள்" என்ற சோகக் கதையும் இல்லை, வழக்கைப் பற்றிய விவரமும் இல்லை. மனுவில் அதற்கெல்லாம் இடமில்லை. கேட்டால் நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

2014-க்குப் பிறகு இன்றுவரை உள்ள காலத்துக்கும் தனியாக ஒரு வரி எழுதச் சொன்னார் மாமா: "ஜூன் 2014 முதல் குடும்பப் பொறுப்பு, இரண்டு குழந்தைகள் வளர்ப்பு." அந்த இடைவெளியை மறைக்கப் போய்த்தான் பலபேர் பழைய கம்பெனியின் தேதியை இழுத்து மாட்டிக்கொள்கிறார்களாம்.

சேர்ந்துபோன கம்பெனியும் பெயர் மாறின கம்பெனியும்

மூடிப்போனதற்கு ஒரு வழி சொல்லிவிட்டார். எல்லாக் கம்பெனியும் மூடிப்போவதில்லையே? என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு முன்னால் லட்சுமி விலாஸ் வங்கியில் இரண்டு வருஷம் இருந்தவள். அவள் என்ன எழுதுவாள் என்று கேட்டேன்.

"அது சுலபம்" என்றார் மாமா. கரூரில் 1926-ல் தொடங்கிய அந்த வங்கி, 2020 நவம்பர் 27-ல் டி.பி.எஸ். பாங்க் இந்தியாவோடு சேர்க்கப்பட்டது. அங்கே நடந்தது இடம் கைமாறுவது மாதிரி இல்லை. கணக்கு, கடன், ஊழியர் எல்லாமே மொத்தமாகப் போயிற்று. பெண் கல்யாணமாகிப் போனாலும் பிறந்தவீட்டுச் சேதி அவளுக்குத் தெரியும் இல்லையா? அதுபோல இங்கே பழைய விவரத்தைக் கேட்கப் புதிய பெயர்க்காரரிடம் போகலாம். ஆகவே, "லட்சுமி விலாஸ் வங்கி (2020 நவம்பர் 27 முதல் டி.பி.எஸ். பாங்க் இந்தியாவுடன் இணைந்தது)" என்று எழுத வேண்டும். பழைய பெயர் முன்னால், புதுப்பெயர் அடைப்புக்குறிக்குள். அதைத் திருப்பி, "டி.பி.எஸ். வங்கியில் வேலை பார்த்தேன்" என்று எழுதக்கூடாது. அவள் 2020-க்கு முன்னாலேயே விலகிவிட்டாள். டி.பி.எஸ். அவளுக்கு ஒரு மாசச் சம்பளம்கூடக் கொடுத்ததில்லை. கையில் உள்ள சான்றிதழில் ஒரு பெயர், மனுவில் வேறு பெயர் என்றால், படிப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

மூன்றாவது வகைக்கு நம் ஆவடியையே சொன்னார். சிப்பாய்களுக்கு உடுப்புத் தைக்கும் ஆவடி ஓ.சி.எஃப்., அதாவது ஆர்டினன்ஸ் குளோத்திங் ஃபேக்டரி, நம் பக்கத்தில் தெரியாதவர்கள் யார்? அதே இடத்தில்தான் இருக்கிறது, தையலும் நடக்கிறது. ஆனால் 2021 அக்டோபர் 1 முதல், நாட்டில் உள்ள படைக்கலத் தொழிற்சாலைகளை எல்லாம் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரித்துவிட்டார்கள். ஓ.சி.எஃப். இப்போது 'ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட்' என்ற நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. டேங்கி செய்யும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 'ஆர்மர்ட் வெஹிகிள்ஸ் நிகம்' கீழ் போயிற்று. 2019-ல் ஓ.சி.எஃப்-ல் தொழில் பழகுநராக இருந்த ஒரு பெண் எழுத வேண்டியது: "ஆர்டினன்ஸ் குளோத்திங் ஃபேக்டரி, ஆவடி (2021 அக்டோபர் 1 முதல் ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் கீழ் இயங்குகிறது)." இங்கே விசாரிக்க வேண்டிய இடம் மாறவில்லை. மேலே உள்ள பலகைதான் மாறியிருக்கிறது.

ஆக மொத்தத்தில், அடைப்புக்குறிக்குள் வரும் வார்த்தைதான் விஷயத்தைச் சொல்கிறது. உற்பத்தி "நிறுத்தப்பட்டது", இன்னாருடன் "இணைந்தது", இன்னார் "கீழ் இயங்குகிறது". நம்முடையது எந்த வகை என்று தெரிந்துகொண்டு ஒரே ஒரு வார்த்தையைச் சரியாகப் போட்டால் போதும்.

கேட்டில் இருந்த பலகையும் சம்பளம் கொடுத்தவரும்

மாமா இன்னொன்றும் சொன்னார். இது நம் பக்கத்துப் பெண்களுக்கு மிகவும் வேண்டியது. பெரிய கம்பெனி கேட்டுக்குள் தினமும் போய் வந்திருப்போம். கம்பெனி கேன்டீனில்தான் சாப்பிட்டிருப்போம். ஆனால் வேலைக்கு எடுத்ததும் சம்பளம் போட்டதும் ஒரு கான்ட்ராக்டராக இருப்பார். அப்படி இருந்தால் பெரிய கம்பெனியின் பட்டியலில் நம் பெயர் இருக்காது. சம்பளச் சீட்டின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறதோ, அவர்தான் நமக்கு வேலை கொடுத்தவர். "இன்ன ஒப்பந்த நிறுவனம், பணி செய்த இடம்: இன்ன தொழிற்சாலை" என்று இரண்டையும் எழுத வேண்டும். பெரிய பெயரை மட்டும் எழுதினால், உண்மையாகவே உழைத்தவளும் விசாரணையில் தவறிப் போவாள்.

பீரோவின் அடித்தட்டு

வீட்டுக்கு வந்ததும் கலாவின் பீரோவைக் கவிழ்த்தோம். கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே, பிள்ளையின் தடுப்பூசி அட்டையோடு ஒரு பிளாஸ்டிக் கவர். நியமன உத்தரவு இருந்தது. வி.ஆர்.எஸ். ஏற்றுக்கொண்டதாகக் கொடுத்த விலகல் கடிதம் இருந்தது. சம்பளச் சீட்டு நாலு. பழைய பாங்க் பாஸ்புக்கும் இருந்தது. அதைப் பார்த்த மாமாவுக்கு ஒரே சந்தோஷம். மாசாமாசம் சம்பளம் ஏறிய வரிகள், தேதியோடு வங்கியே அச்சடித்தவை! கம்பெனிச் சான்று தொலைந்து போனவர்களுக்கு இதுதான் அடுத்த சாட்சி. பத்து வருஷத்துக்கு முந்தைய கணக்கு விவரம் கேட்டால் வங்கியில் எப்போதும் கிடைத்துவிடும் என்று நம்ப முடியாது. கணக்கை முடித்தாயிற்று என்று பழைய பாஸ்புக்கைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது பி.எஃப். இப்போது எல்லோருக்கும் யூ.ஏ.என். என்று ஒரு பன்னிரண்டு இலக்க எண் இருக்கிறது. பி.எஃப். இணையதளத்தில் அந்த எண்ணோடு நுழைந்து "Service History" என்ற இடத்தைப் பார்த்தால், எந்தக் கம்பெனி, சேர்ந்த தேதி, விலகிய தேதி மூன்றும் வரும். கம்பெனி மூடிப்போனாலும் இந்தப் பதிவு போவதில்லை. மனுவில் தேதி எழுதுமுன் இதைப் பார்த்துவிட வேண்டும். நாம் ஜூன் என்று எழுதி, அங்கே ஜூலை என்று இருந்தால் கேள்வி வரும். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. யூ.ஏ.என். நடைமுறைக்கு வந்ததே 2014-ல்தான். அதற்கு முன்னால் விலகிப் பணத்தையும் எடுத்துவிட்டவர்களின் சேவை அதில் தெரியாமல் போகலாம். கலாவுக்கும் தெரியவில்லை. அவர்களுக்குப் பழைய பி.எஃப். வருடாந்திரச் சீட்டில் உள்ள கணக்கு எண்ணும், பி.எஃப். பணம் வந்து விழுந்த பாஸ்புக் வரியும்தான் துணை.

ஒன்றுமே கையில் இல்லாவிட்டால்? கூட வேலை பார்த்தவர்களிடம் கேட்கச் சொன்னார் மாமா. அதிலும் மேற்பார்வையாளராக இருந்து, இன்று வேறு கம்பெனியில் பொறுப்பில் இருப்பவர் ஒருவர் கிடைத்தால், "இந்தப் பெண் என்னிடம் வேலை பார்த்தாள்" என்று அவர் சொல்வதைச் சில இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். எல்லா இடத்திலும் ஏற்பார்கள் என்று சொல்ல முடியாது. அது காகிதத்துக்குத் துணையே தவிர, காகிதமாக ஆகாது.

பிறகு

கலா அதே கம்பெனிக்குப் போகவில்லை, அவளுக்கு மனசில்லை. பூந்தமல்லிப் பக்கம் இன்னொரு இடத்துக்குப் புதிய வரியோடு மனுப் போட்டாள். நகல்களை வரிசையாக அடுக்கி, நியமன உத்தரவு மேலே, விலகல் கடிதம் அடியில் என்று கொடுத்தாளாம். எதிரில் இருந்த அம்மாள் அந்த வரியைப் படித்துவிட்டு, "ஓ, வி.ஆர்.எஸ்.ல வந்தீங்களா? எந்த லைன்? டெஸ்டிங்கா, பேக்கிங்கா?" என்று கேட்டாராம். கம்பெனி இருந்ததா, நீ இருந்தாயா என்ற பேச்சே வரவில்லை. டெஸ்டிங்கில் ஒரு ஷிப்டுக்கு எத்தனை பீஸ், தவறு வந்தால் எப்படிப் பிரிப்பீர்கள் என்று வேலையைப் பற்றியே கால் மணி நேரம் பேசினார்களாம். அனுபவம் உள்ளவர் சம்பளத்திலேயே எடுத்துக்கொண்டார்கள். வர திங்கட்கிழமை சேருகிறாள்.

நேற்று ராத்திரி, பிள்ளைகள் தூங்கினபிறகு, அந்த பிளாஸ்டிக் கவரைக் கலா என்னிடம் கொடுத்தாள். "உங்ககிட்டயே இருக்கட்டும் அக்கா. எங்க வீட்டுல ஒரு பொருள் இருக்கற இடத்துல இருக்காது" என்றாள். வாங்கி என் பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சின்னவள் பள்ளிவிட்டு வந்தால் இனிமேல் என்னிடம்தான் வருவாள். அதற்கும் ஒரு டிபன் பாக்ஸ் வாங்க வேண்டும்.